படத்தில் சட்டைக்கையை நீட்டும்போது நேரும் தவறுகள்

தமிழில் உடலின் கைக்கும் சட்டையின் கைக்கும் ஒரே பெயர். அரைக்கை, முழுக்கை, கை நீளம் என்று அளவெடுக்கும்போது நாம் துணியைத்தான் சொல்கிறோம். பேச்சில் இதனால் தொல்லை ஏதும் இல்லை. ஆனால் ஒரு புகைப்படத்தில் அரைக்கையை நீட்டிக் காட்ட உட்காரும்போது, இந்த இரண்டும் வேறு வேறு பொருள்கள் என்பதை மறந்துவிடுகிறோம். கையின் மேல் சட்டையின் நிறத்தைப் பூசிவிட்டால் சட்டைக்கை வந்துவிடும் என்று எண்ணுகிறோம். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் முளைக்கின்றன.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் நாற்காலி அருகே நிற்கிறார். வெள்ளைத் துணியில் மெல்லிய நீலக் கோடுகள் போட்ட பருத்திச் சட்டை. சட்டைக்கை முழங்கைக்கு நான்கு விரல் மேலேயே முடிந்துவிடுகிறது. அவரது மேல்கை தொங்குகிறது. முழங்கை மடிந்து, முன்கை சற்றே நம்மை நோக்கி வந்து, உள்ளங்கை நாற்காலியின் முதுகில் படிந்திருக்கிறது. ஒளி இடப்பக்கத்து ஜன்னலிலிருந்து வருகிறது. சட்டைக்கையை முன்கையின் நடுவரை நீட்டித் தர வேண்டும் என்று கேட்டார். படத்தின் உயரம் 3000 பிக்சல். அதில் மேல்கையின் அகலம் சுமார் 250 பிக்சல். போட்டோஷாப்பில் செய்தேன். லேயரும் மாஸ்க்கும் உள்ள எந்தச் செயலியிலும் இதே வழி செல்லும்.

முதல் தவறு, கையின் ஓரத்தையே துணியின் ஓரமாக வைத்துக்கொள்வது. கையைத் தேர்வு செய்து, அந்தத் தேர்வுக்குள் துணியை நிரப்பினால் சட்டைக்கை தோலோடு ஒட்டிய உறை போலத் தெரியும். பருத்தித் துணி அப்படி உட்காராது. தோளிலிருந்து தொங்கும் துணி கையின் மேற்புறத்தில் தோலைத் தொட்டும் தொடாமலும் கிடக்கும். அடிப்புறத்தில் எடை இழுப்பதால் விலகி நிற்கும். எவ்வளவு விலகல் என்பதை ஊகிக்க வேண்டாம், படமே சொல்லும். பழைய சட்டைக்கையின் ஓரத்துக்கும் அதிலிருந்து வெளிவரும் கையின் ஓரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்தாலே போதும். இந்தப் படத்தில் அது வெளிப்புறம் 12 பிக்சல், அக்குள் பக்கம் 30 பிக்சல். புதிய ஓரத்தை அந்த இடைவெளியில் தொடங்கி, முழங்கை முனையில் தோலை ஏறக்குறைய தொடும்படி குறைத்து, முன்கையின் அடியில் மீண்டும் தளர விட்டேன். முழங்கையின் வெளிமுனையில் மட்டும் துணி இறுகும், ஏனென்றால் மடித்த கையில் எலும்பு துணியை வெளியே தள்ளுகிறது.

அடுத்தது கலப்பு முறைத் தவறு. தோலின் மேல் நிறத்தை வைத்து, லேயரை Multiply அல்லது Color முறைக்கு மாற்றினால், கையின் ஒளியும் நிழலும் இலவசமாகக் கிடைக்கும் என்று தோன்றும். கிடைப்பது அதோடு நிற்பதில்லை. தோலின் எண்ணெய்ப் பளபளப்பு, நரம்பு மேடு, ரோமம், பழைய சட்டைக்கை தோலில் விழுத்திய நிழல் ஆகிய அனைத்தும் துணிக்குள் தெரியும். அந்தப் பழைய நிழல்தான் மோசம். நீட்டிய சட்டைக்கையின் நடுவே ஒரு கருப்புப் பட்டையாக நின்று, சட்டை முன்பு எங்கே முடிந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். Multiply முறை இருட்டாக்க மட்டுமே செய்யும் என்பதால், இவரது மாநிறக் கையின் மேல் வெள்ளைத் துணி அந்த முறையில் வரவே வராது. அழுக்குப் பழுப்புதான் வரும். துணி ஒளிபுகாத தனி லேயராக, Normal முறையில், தோலை முழுக்க மறைத்து உட்கார வேண்டும். கையின் ஒளியை அதன் மேல் தனியே வரைய வேண்டும். கையில் வெளிச்சம் எந்தக் கோட்டில் நிழலாக மாறுகிறது என்று பார்த்துக்கொண்டு, பழைய சட்டைக்கையின் நிழற்பகுதியில் இருந்தே நிறம் எடுத்து, மென்மையான பிரஷ்ஷில் 10 சதவீத அடர்த்தியில் படிப்படியாகச் சேர்த்தேன். பருத்தி ஒளியைப் பரப்பிவிடும். தோலில் இருந்த கூரிய பளபளப்பு துணியில் இருக்கக் கூடாது.

இனி, துணியை எங்கிருந்து எடுப்பது? வெளியிலிருந்து வேறு துணிப் படம் கொண்டுவருவதைவிட, அதே படத்தில் சட்டையின் உடற்பகுதியில் சுருக்கமில்லாத இடத்தை எடுப்பதே நல்லது. ஒளியும் நெசவும் குவியமும் ஏற்கெனவே பொருந்தியிருக்கும். பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது. கோடுகளின் இடைவெளி மாறினால் உடனே கண்ணில் படும். மற்றக் கையின் துணியைக் கண்ணாடி போலத் திருப்பி வைப்பதையும் தவிர்க்கிறேன், ஏனென்றால் அதோடு ஒளியின் திசையும் திரும்பிவிடுகிறது.

ஆனால் உடற்பகுதியின் துணி தட்டையானது, கை உருளை. இந்த வேறுபாட்டில் தடுக்கித்தான் என் முதல் முயற்சி விழுந்தது. தட்டையான துணியில் கோடுகள் சம இடைவெளியில் இருக்கும். உருளையைச் சுற்றிய துணியில் நடுவிலுள்ள கோடுகள் அகன்றும், இரு ஓரங்களை நெருங்க நெருங்கக் கோடுகள் நெருங்கியும் தெரியும். சமமான கோடுகளை அப்படியே வைத்ததால் கை ஒரு பலகை போல இருந்தது. எவ்வளவு நிழல் போட்டும் உருளவில்லை. Edit பட்டியலின் Transform பிரிவில் உள்ள Warp கொண்டு இரு ஓரங்களின் கோடுகளையும் உள்நோக்கி நெருக்கிய பிறகு, நிழல் சேர்ப்பதற்கு முன்பே கை வட்டம் பெற்றது. கோடு போட்ட சட்டையில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. ஒற்றை நிறத் துணியில் நெசவின் அடர்த்தி இதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறது.

முழங்கையில் இன்னொரு சோதனை காத்திருந்தது. ஒரே துணித் துண்டை Puppet Warp கொண்டு முழங்கையில் வளைத்தேன். கோடுகள் வழுவழுவென்று வளைந்தன, ரப்பர் குழாய் வளைவது போல. உண்மையான துணி அப்படி வளைவதில்லை. மடிப்பின் உட்புறத்தில் துணி மிஞ்சி, ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கி, அங்கிருந்து விசிறி போலச் சுருக்கங்கள் வெளியே ஓடும். வெளிப்புறத்தில் அவை மறைந்துபோகும். கோடுகள் சுருக்கத்துக்குச் சுருக்கம் முறியும். ஆகவே வளைத்ததை அழித்துவிட்டு, மேல்கைக்கு ஒரு துண்டு, முன்கைக்கு ஒரு துண்டு என்று இரண்டாக வைத்தேன். இரண்டு துண்டுகளிலும் கோடுகள் அந்தந்த எலும்பின் போக்கிலேயே ஓடின. அவை சந்திக்கும் இடத்தை முழங்கை உட்புறத்தின் ஆழமான சுருக்கத்துக்குள் வைத்தேன். அங்கே கோடுகள் பொருந்தாமல் போவது குறையில்லை, இயல்பு. சுருக்கங்களின் உருவத்தை அதே சட்டையின் இடுப்புப் பகுதியிலிருந்து எடுத்துத் திருப்பி வைத்தேன். மூன்றே சுருக்கங்கள், ஒளி இடப்பக்கம் என்பதால் ஒவ்வொன்றின் இடச்சரிவு வெளிச்சமாகவும் வலச்சரிவு நிழலாகவும் இருக்க வேண்டும். திருப்பி வைக்கும்போது இதைச் சரிபார்க்காவிட்டால், சுருக்கம் மேடாக இல்லாமல் பள்ளமாகத் தோன்றும்.

கடைசியாக, துணி முடிந்து தோல் தொடங்கும் இடம். பழைய சட்டைக்கையின் ஓர மடிப்பைத் தையலோடு வெட்டி, புதிய இடத்துக்கு நகர்த்துவது சரியான யோசனைதான். துணியின் தடிமன் அதில் இருக்கிறது. தவறு எங்கே என்றால், அதன் வளைவை அப்படியே விட்டுவிடுவதில். ஒரு டம்ளரைச் சற்று மேலிருந்து பாருங்கள். நம் பக்கம் திறந்திருக்கும் வாயின் முன்விளிம்பு டம்ளரின் உடலை நோக்கி வளைந்திருக்கும். அடிப்பகுதியின் விளிம்போ உடலை விட்டு வெளியே வளைந்திருக்கும். தொங்கும் மேல்கையில் பழைய ஓரம் கேமராவின் உயரத்துக்குக் கீழே இருந்ததால், அது டம்ளரின் அடி போல, கீழ்நோக்கி வளைந்திருந்தது. முன்கையோ நம்மை நோக்கி வருகிறது. அங்கே ஓரம் டம்ளரின் வாய் போல, முழங்கைப் பக்கம் வளைய வேண்டும். திறப்பின் உட்புறமும் ஒரு கீற்று இருட்டாகத் தெரிய வேண்டும். பழைய வளைவோடு வைத்தபோது முன்கை நாற்காலியை விட்டுப் பின்னால் போவது போல இருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்குப் பாதி நாள் ஆயிற்று. வளைவைத் திருப்பியதும் கை முன்னே வந்தது.

அந்த ஓரம் தோலில் நிழல் விழுத்த வேண்டும். கறுப்பு நிறத்தில் நிழல் போட்டால் தோல் சாம்பல் பூத்ததுபோல ஆகிவிடும். மாநிறத்திலும் கருநிறத்திலும் இது இன்னும் அசிங்கமாகத் தெரியும். தோலின் நிழல் சிவப்பு கலந்த ஆழ்ந்த பழுப்பு. அந்த நிறத்தை அவரது தாடையின் கீழிருந்து எடுத்து, Multiply லேயரில் வைத்தேன். இங்கே Multiply சரியான இடத்தில் இருக்கிறது, ஏனென்றால் தோலின் ரோமமும் துளைகளும் நிழலுக்குள்ளும் தெரியத்தான் வேண்டும். நிழல் துணியை ஒட்டிய இடத்தில் கூர்மையாகவும், விலக விலகக் கரைந்தும் போக வேண்டும். ஒரே அளவு மங்கலாக்கினால் துணி தோலுக்கு மேலே மிதக்கும்.

வெட்டிய ஓரத்தின் கூர்மையையும் ஒப்பிட வேண்டும். 200 சதவீதம் பெரிதாக்கி, சட்டைக் காலரின் ஓரம் எத்தனை பிக்சலில் பின்னணியோடு கலக்கிறது என்று எண்ணினேன், மூன்று. புதிய ஓரம் ஒரே பிக்சலில் வெட்டியதுபோல இருந்தது. மாஸ்க்கைச் சற்றே மங்கலாக்கியதும் அது அமைந்தது. முன்கை குவியத்தைவிட்டு லேசாக விலகியிருந்ததால் அந்தத் துண்டுக்கு இன்னும் கொஞ்சம் மங்கல். மங்கலாக்கிய இடத்தில் கேமராவின் புள்ளிகள் அழிந்துவிடுமாதலால், Add Noise மூலம் சுற்றியுள்ள அளவுக்குத் திரும்பச் சேர்த்தேன்.

முடிந்தது என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயரை வைத்து, கோட்டைச் செங்குத்தாக ஏற்றிப் பார்த்தேன். நிழற்பகுதிகளில் ஒளிந்திருக்கும் ஒட்டுவேலைகள் இப்படித்தான் வெளிப்படும். துணியில் ஒன்றும் தெரியவில்லை. கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஒரு மெல்லிய தோல்நிறக் கோடு தெரிந்தது. முன்பு கையிலிருந்து பட்டுத் திரும்பிய ஒளி சட்டையின் விலாப்பக்கத்தில் பழுப்பாகப் படிந்திருந்தது. இப்போது அங்கே இருப்பது வெள்ளைத் துணி. அந்தப் பழுப்புக்குக் காரணமான தோல் மறைந்துவிட்டது. விலாவில் அந்தக் கோட்டின் நிறத்தைக் குறைத்து, புதிய சட்டைக்கையின் நிழலை ஒரு சாயல் சேர்த்த பிறகே படத்தை அனுப்பினேன்.