நாள் முழுக்கத் தமிழ் தட்டச்சு: கண் எரியாமல் இருக்க மேசையை ஒழுங்கு செய்யும் முறை

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ உள்ள ஒரு கொமினிகேஷன் கடையை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் முழுவதும் திறந்த வாசல், வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே லப்டொப்பில் காலை முதல் வினாத்தாள் தட்டச்சு. பின்னேரமானால் கண் எரியும், தலை இடிக்கும்.

1. முதலில் மேசை. லப்டொப்பை அணைத்துவிட்டு, வழமையான கதிரையில் இருந்தபடி கறுத்த திரையைப் பாருங்கள். வாசலோ விளக்கோ அதில் தெரிந்தால், வேலை நேரத்திலும் அந்த வெளிச்சம் எழுத்தின் மேல்தான் விழுகிறது. வாசலை நேரே பார்த்து இருப்பதும் சரிவராது. திரைக்குப் பின்னால் வெயில் கூசும். வாசல் தோள் பக்கமாக வரும்படி மேசையைத் திருப்புங்கள். திரை ஒரு கை நீளத்தில், அதாவது 50 முதல் 70 சென்ரிமீற்றருக்குள், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.

2. பிறகு பிரகாசம். வெற்று ஆவணமொன்றைத் திறந்து, திரைக்குப் பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடியுங்கள். தாளை விடத் திரை விளக்குப்போல ஒளிர்ந்தால் குறையுங்கள். சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கூட்டுங்கள். பகலில் வைத்த அளவு இரவுக்குப் பொருந்தாது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு வேலை செய்ய வேண்டாம். திரையை மஞ்சளாக்கும் Night light கண் களைப்பைப் பெரிதாகக் குறைக்கும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம்.

3. எழுத்தளவு. ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. ன, ண இரண்டின் சுழிகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் சிறிய அளவில் கலங்கிவிடும். உடனே கழுத்து முன்னால் போகும். கதிரையில் சாய்ந்திருந்தபடியே “கண்ணன்” என்ற சொல்லின் சுழிகளை எண்ண முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் விண்டோஸில் Settings > System > Display > Scale சென்று 125% ஆக்குங்கள். வேர்டில் Ctrl விசையை அழுத்தியபடி மவுஸ் சில்லைச் சுழற்றினால் பக்கம் பெரிதாகும். அச்சில் எழுத்தளவு மாறாது. பாமினி 12இல் கேட்ட வேலையையும் 150% பெருப்பத்தில் செய்யலாம். சுழி தெளிவான அளவுக்கு மேல் இன்னும் ஒரு படி கூட்டி விடுங்கள். வாசிக்க முடிவது வேறு, மணிக்கணக்காக வாசிப்பது வேறு.

4. இடைவேளை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பாருங்கள். வீதியின் மறுகரைப் பனை போதும். கைபேசியைப் பார்ப்பது இடைவேளை ஆகாது. அது திரையை விடக் கிட்ட இருக்கிறது. திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைவதால்தான் கண் காய்கிறது. அந்த 20 விநாடியில் இமை முழுதாக மூடும்படி சில தடவை சிமிட்டுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கண் காய்வது இன்னும் கூடும். மின்விசிறியை முகத்துக்கு நேரே வைக்காமல் கால் பக்கம் திருப்புங்கள்.

இவ்வளவும் செய்தும் மங்கல் தீராவிட்டால், குறிப்பாக 40 வயது தாண்டியவர்கள், கண்ணாடியைக் கவனியுங்கள். வாசிப்புக் கண்ணாடி பெரும்பாலும் கையில் பிடிக்கும் புத்தகத்தின் தூரத்துக்குச் செய்யப்படுவது. திரை அதற்கு அப்பால் நிற்கிறது. கண் பரிசோதனைக்குப் போகுமுன் கண்ணுக்கும் திரைக்கும் இடைப்பட்ட தூரத்தை நாடாவால் அளந்து, அந்த எண்ணைச் சொல்லுங்கள்.