பகலில் ஒரே சாம்பல், ராத்திரியில் இரண்டு நிறம்

பாளையங்கோட்டை வீட்டில் ஹால் சுவருக்கும் படுக்கையறைச் சுவருக்கும் ஒரே வெளிர் சாம்பல் பெயின்ட். பகலில் ஒத்துப்போனது, விளக்கு போட்டதும் ஹால் நீலமாகவும் படுக்கையறை பழுப்பாகவும் தெரிந்தன. இன்னொரு கோட் அடித்தும் மாறவில்லை. பழைய கிரீம் சுவரில் புது ஷேடுகளைத் திட்டுத்திட்டாக அடித்துப் பார்த்ததும் உதவவில்லை. சுற்றியுள்ள கிரீம் எந்தச் சாம்பலையும் நீலமாகக் காட்டும்.

வழி கிடைத்தது அட்டையில்தான். இரண்டடிச் சதுரக் கெட்டி அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளை விட்டு, ஒரு நாள் காயவிட்டேன். ஈரத்தில் நிறம் வேறாகத் தெரியும். அட்டையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து ஒவ்வொரு அறையிலும் காலையிலும் சாயங்காலமும் விளக்கிலும் பார்த்தேன்.

பலரும் கவனிக்காத ஒன்று, தரை. வெயில் விழும் நேரத்தில் ரெட் ஆக்சைடு தரையின் சிவப்பு சுவரின் கீழ்ப்பகுதியில் ஏறுகிறது. அதனால் கண்மட்டத்திலும் தரையருகிலும் அட்டையை வைத்துப் பார்க்க வேண்டும்.

ராத்திரிக் குழப்பத்துக்குக் காரணம் பெயின்ட் இல்லை. விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் K எண்தான் வேறு: ஹால் டியூப் 6500K, நீலம் கலந்த வெள்ளை; படுக்கையறை பல்பு 2700K, மஞ்சள். இரண்டிலும் 4000K எல்இடி மாட்டினேன்; நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் CRI அதில் 90. மாட்டியதும் இரு அறைச் சுவரும் ஒன்றாகிவிட்டன. அப்பாடா! இந்த எண்கள் பெரும்பாலும் பல்பு அட்டைப்பெட்டியிலேயே இருக்கும். CRI அச்சிடாத பல்பை நிறம் பார்க்க நம்ப வேண்டாம்.