இரண்டு நாள் ஆர்எஸ்ஐ: ஏறுமுகப் பங்கில் சறுக்கலை வாங்குவது எப்படி, அது எங்கே கைவிடும்

அண்மை நாட்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒப்பிட்டு 0 முதல் 100 வரை ஒரு எண்ணாகக் காட்டும் ஆர்எஸ்ஐயை வெல்ஸ் வைல்டர் 1978-இல் அறிமுகப்படுத்தியபோது வைத்த கணக்கு 14 நாள். அதை 2 ஆகக் குறைத்து, ஏறுமுகத்தில் இருக்கும் பங்கு இரண்டு மூன்று நாள் சறுக்கும்போது வாங்கும் முறையைப் பரப்பியவர் லாரி கானர்ஸ். நான் இங்கே சொல்வது அதைத்தான், தினசரி சார்ட்டில்.

முதலில் ஏறுமுகம். முடிவு விலை 200 நாள் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும். அதோடு அந்தச் சராசரியும் 20 நாளுக்கு முன்பு இருந்ததைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை நான் சேர்த்துக்கொண்டது. படுத்துக் கிடக்கும் சராசரிக்கு மேலே விலை ஒரு வாரம் எட்டிப் பார்த்தால், அதை ஏறுமுகம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம் ஆர்எஸ்ஐ. சார்ட்டில் அதன் அமைப்புக்குள் போய் 14 என்பதை 2 ஆக்குங்கள். 10-க்குக் கீழே முடிந்தால் சிக்னல். டிரேடிங்வியூவில் என்றால் இவ்வளவுதான்:

```
//@version=5
indicator("RSI2")
r = ta.rsi(close, 2)
s = ta.sma(close, 200)
plot(r)
plotshape(close > s and s > s[20] and r < 10, location=location.bottom)
```

ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால்தான் இந்த எண்ணின் குணம் பிடிபடும். ஒரு பங்கு வரிசையாக 500, 506, 498, 490, 485, 482 என்று முடிகிறது. முதல் இரண்டு மாற்றங்கள் +6, -8. சராசரி ஏற்றம் 3, சராசரி இறக்கம் 4. அதன்பின் ஒவ்வொரு நாளும் பழைய சராசரியில் பாதி, அன்றைய மாற்றத்தில் பாதி. 490-இல் ஏற்றம் 1.5, இறக்கம் 6. ஆர்எஸ்ஐ என்பது 1.5-ஐ 7.5-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குவது, அதாவது 20. 485-இல் 12. 482-இல் 8. சிக்னல் வந்துவிட்டது.

மறுநாள் தொடக்கத்தில் 483-க்கு வாங்குகிறோம். வெளியேறுவது, முடிவு விலை 5 நாள் சராசரியைத் தாண்டும்போது. அன்றே 489-இல் முடிந்தால் சராசரி 488.8, தாண்டிவிட்டது. கிட்டத்தட்ட 1.2 சதவீதம். டெலிவரிக்கு வாங்கும்போதும் விற்கும்போதும் தலா 0.1 சதவீதம் எஸ்டிடி வரி போகும், தரகும் மற்ற கட்டணங்களும் தனி. சின்னச் சின்ன லாபம், ஆனால் அடிக்கடி வரும். இந்த முறையின் வாழ்க்கையே அதுதான்.

சரி, எங்கே உதைக்கும்? மேலே உள்ள கணக்கில் 490-க்கு அடுத்த நாள் பங்கு 5 ரூபாய்க்குப் பதில் 50 ரூபாய் விழுந்திருந்தால் ஆர்எஸ்ஐ 2.6. சோம்பலாக மூன்று நாள் நழுவிய பங்கும், கெட்ட செய்தியில் பத்து சதவீதம் இடிந்த பங்கும் ஒரே மாதிரி 'மலிவு' என்று காட்டும். இது வெறும் விகிதம். ஏன் விழுந்தது என்று அதற்குத் தெரியாது. நான் ஒருமுறை கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில், தவளக்குப்பம் தாண்டும்போது, 2 என்ற எண்ணைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். முந்தைய நாள் மாலை அந்த நிறுவனத்தின் காலாண்டு முடிவு வந்திருந்ததை அரியாங்குப்பம் வந்த பிறகுதான் படித்தேன். அந்தப் பணம் மீள நான்கு மாதம் ஆனது.

இன்னொரு தோல்வி கண்ணுக்குத் தெரியாதது. 2020 பிப்ரவரி 25-இல் நிஃப்டி 11,800 அருகில், 200 நாள் சராசரிக்குச் சற்று மேலே; என் கணக்கில் இரண்டு நாள் ஆர்எஸ்ஐ சுமார் 9. பாடப்புத்தகச் சிக்னல். பிப்ரவரி 28-இல் 11,200-க்கு வந்தது. வெளியேறும் சிக்னல் எப்போது கிடைத்தது தெரியுமா? மார்ச் 5-இல், 11,270 அருகில். விலை மேலே போகவில்லை. 5 நாள் சராசரிதான் இறங்கி வந்து விலையைத் தொட்டது. 'சராசரியைத் தாண்டினால் விற்பேன்' என்பது லாபத்துக்கு உத்தரவாதம் இல்லை, இங்கே சிக்னல் வந்த நாளின் முடிவு விலையிலிருந்து பார்த்தால் நஷ்டம் நாலரை சதவீதம். ஆனாலும் அந்த விதியை மதித்து விற்றவர் தப்பித்தார்: மார்ச் 23-இல் நிஃப்டி 7,610. அசலுக்கு வரட்டும் என்று காத்திருந்தவர் அதையும் பார்த்தார்.

ஸ்டாப் லாஸ் போடலாமே என்பீர்கள். நெருக்கமாகப் போட்டால், விழும்போது வாங்கும் முறையில் அது பெரும்பாலும் அடிமட்டத்திலேயே விற்க வைக்கும். அதனால் நான் அளவைத்தான் சுருக்குகிறேன். 2 லட்சம் இருந்தால் ஒரு பங்கில் 20,000. ஒரே இரவில் 15 சதவீதம் போனாலும் 3,000 ரூபாய்தான். முடிவு விலை 200 நாள் சராசரிக்குக் கீழே போனால் மறுநாள் காலை விற்றுவிடுவேன். காலாண்டு முடிவு வரும் வாரத்தில் அந்தப் பங்கைத் தொடுவதில்லை. ஒரே நாளில் பத்துப் பங்குகள் சேர்ந்து சிக்னல் கொடுத்தால், அது பத்து வாய்ப்பு இல்லை, சந்தை விழுகிறது என்ற ஒரே செய்தி. அன்று இரண்டுக்கு மேல் வாங்க மாட்டேன்.