பதில் கடிதத்தில் இலக்கமும் விடயத் தலைப்பும்: என் அனுபவம்

நுவரெலியாப் பக்க அலுவலகங்களில் பதில் கடிதம் பிழைப்பது பெரும்பாலும் ‘எனது இல.’, ‘உமது இல.’ என்ற இரண்டு வரிகளில்தான். வந்த கடிதத்தில் ‘எனது இல.’ என்று இருப்பது நமது பதிலில் ‘உமது இல.’ ஆக வேண்டும். பழைய கோப்பை நகலெடுத்துத் தட்டச்சு செய்தால் இவை இடம் மாறிவிடும். பெறுபவர் தம் கோப்பைத் தேடுவது ‘உமது இல.’ வரியை வைத்துத்தான்.

அடுத்த சிக்கல் பாமினி எழுத்துரு. அதில் சாய்கோட்டை அழுத்தினால் ஃ விழும், ஆங்கில எழுத்துகள் தமிழாகிவிடும். `NE/AD/07/12` என்ற இலக்கத்தை மட்டும் தெரிவு செய்து `Times New Roman`-க்கு மாற்றுகிறேன். திகதியையும் 2024.03.12 என்று புள்ளி வைத்து எழுதினால் ஃ தொல்லை இல்லை. இலக்கத்தில் சிறுகோடு இருந்தால் வரி முடிவில் அது உடையும். வேர்டில் `Ctrl+Shift+_` அழுத்தி இட்டால் உடையாது.

விடயத் தலைப்பு விளிக்குக் கீழே, தடித்த எழுத்தில், முற்றுப்புள்ளி இல்லாமல் வரும். ‘பிறப்புச் சான்றிதழ் சம்பந்தமாக’ என்பது போதாது. ‘பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயரைத் திருத்துதல்’ என்றால் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தபால் எழுதுநருக்கே விளங்கும். விண்ணப்பதாரியின் பெயரை அடுத்த வரியில் போடலாம்.

முதல் பந்தியில் ‘தங்களது 2024.03.12 ஆம் திகதிய கடிதம்’ என்று எழுதும்போது, அந்தத் திகதி வந்த கடிதத்தில் உள்ளதாக இருக்க வேண்டும். நமது அலுவலக முத்திரையில் உள்ளது கிடைத்த திகதி. கையொப்பத்துக்கு வைக்கும் முன் மூலக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, இலக்கத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கி ஒப்பிடுவேன்.