லாட்டரில பிறந்தநாள் நம்பர் போடாதீங்க

49ல 6 நம்பர் எடுக்கிற லாட்டரில எந்த காம்பினேஷனுக்கும் சான்ஸ் ஒண்ணுதான், சுமார் 1.4 கோடில 1. ஆனா ஜாக்பாட்ட வின்னர்ஸ் பிரிச்சுக்கணும்னா, நம்ம நம்பரையே வேற எத்தனை பேர் போட்டிருக்காங்கன்றதுதான் மேட்டர். 1995 ஜனவரி 14 பிரிட்டன் டிராவுல ஒரே ஜாக்பாட்ட 133 பேர் பிரிச்சுக்கிட்டாங்க, 1.6 கோடி பவுண்டுக்கு மேல இருந்த பரிசுல ஆளுக்கு கிடைச்சது 1,22,510 தான்!

கணக்கு ஈஸி. நம்ம நம்பர்லயே ஜெயிக்கிற மத்தவங்க சராசரியா λ பேர்னா, நாம ஜெயிச்சா கைக்கு வர்ற சராசரி பங்கு:

`(1 - e^(-λ)) / λ`

டிக்கெட் 1 ரூபா, ஜாக்பாட் 70 லட்சம், 1.4 கோடி டிக்கெட் வித்திருக்குனு வைங்க. பிரிக்கவே வேண்டாம்னா டிக்கெட்டோட எதிர்பார்ப்பு மதிப்பு 50 பைசா. சாதாரண நம்பருக்கு λ = 1, பங்கு 63%, மதிப்பு 32 பைசா ஆயிடும். அஞ்சு மடங்கு பாப்புலர்னா λ = 5, பங்கு 20% தான், மதிப்பு வெறும் 10 பைசா. யாரும் சீண்டாத நம்பர், λ = 0.3னா 43 பைசா வரும்.

அதனால 1-2-3-4-5-6, ஸ்லிப்புல நேர்கோடா வர்றது, போன டிராவுல விழுந்தது, 31க்குள்ள மட்டும் இருக்கிற தேதி நம்பர் இதெல்லாம் தவிர்த்துட்டு, 32க்கு மேலயும் சிலது கலந்து பேட்டர்ன் இல்லாம போடுங்க. அப்பவும் 1 ரூபாக்கு 43 பைசாதான், நஷ்டம்தான். ஜாக்பாட் ஏறுனா லாபமானு கேப்பீங்க, ஆனா அப்ப கூட்டமும் ஏறும், λவும் கூடவே ஏறிடும்.