டீகாஃப் காபியிலும் காஃபீன் உண்டு: ஒரு நாள் கணக்கைப் போடுவது எப்படி?

என் அக்கா காசிமேட்டில் மீன் வாங்கி விற்கிறார். நடுராத்திரி தாண்டியதும் ஏலத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் இரவு 8 மணிக்கே படுத்துவிடுவார். தூக்கம் வரவில்லை என்று மாலைக் காபியை டீகாஃபுக்கு மாற்றினார். "இதுலதான் காஃபீனே இல்லையே" என்று ஒரு டம்ளர் மூன்று டம்ளரானது. தூக்கம் மட்டும் வந்தபாடில்லை. அப்போது இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூளை எடை போடுங்கள். எவ்வளவு பால் ஊற்றினாலும் காஃபீன் வருவது தூளிலிருந்துதான். அக்காவின் பழைய ஃபில்டர் காபியில் டம்ளருக்கு 10 கிராம் தூள், அதில் 3 கிராம் சிக்கரி. சிக்கரியில் காஃபீன் கிடையாது. மீதி 7 கிராம் காபித்தூளில் அராபிகாவும் ரோபஸ்டாவும் சரிபாதி என்றால் காஃபீன் ஏறக்குறைய 1.6 சதவீதம். ஆக, டிகாஷனில் சுமார் 100 மில்லிகிராம் இறங்கும்.

அடுத்து டீகாஃப். வறுப்பதற்கு முன்பே பச்சைக் கொட்டையை ஊறவைத்து, தண்ணீரோ எத்தில் அசிட்டேட் போன்ற கரைப்பானோ கொண்டு காஃபீனை வெளியே இழுக்கிறார்கள். கொட்டைக்குள் காஃபீன் குறையக் குறைய, அது வெளியேறும் வேகமும் குறைகிறது. கடைசித் துளிவரை எடுக்கப் போனால் மணமும் சுவையும் கூடவே போய்விடும். அதனால் 97 சதவீதம் போனதும் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். ஐரோப்பாவில் வறுத்த டீகாஃபில் 0.1 சதவீதம் வரை இருக்கலாம் என்பது விதி. அந்தக் கணக்கில் 10 கிராம் தூளுக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம். மூன்று டம்ளருக்கு 30. கிட்டத்தட்ட ஒரு 300 மில்லி கோலாவில் இருக்கும் அளவு அது.

ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது இது மட்டுமில்லை. "வேற என்ன குடிச்சே?" என்று கேட்டபோதுதான், சாயங்காலம் 6 மணிக்கு டீக்கடையில் குடிக்கும் இரண்டு கிளாஸ் டீ வெளியே வந்தது. எடைக்கு எடை பார்த்தால் தேயிலையில் காபிக்கொட்டையை விட காஃபீன் அதிகம். ஒரு கிளாஸுக்குப் போடுவது குறைவு என்பதால்தான் டீ சாதுவாகத் தெரிகிறது. டஸ்ட் டீயை நன்றாகக் கொதிக்கவிட்டால் கிளாஸுக்கு 40 மில்லிகிராம் தாராளமாக இறங்கும். அப்படியானால் இரண்டு கிளாஸுக்கு 80. உடம்பில் காஃபீன் பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம் ஆகும். அதாவது இரவு 11 மணிக்கும் அதில் 40 மீதி இருக்கும்.

கோகோ பற்றிக் கவலை வேண்டாம். ஒரு மேசைக்கரண்டித் தூளில் 12 மில்லிகிராம் போல வரும்.

சரி, என்ன மாற்றினோம்? டீயை ஏலம் முடிந்த காலை நேரத்துக்குத் தள்ளினோம், டீகாஃப் ஒரே டம்ளர். மாலையில் இன்னொன்று வேண்டுமென்றால் சுக்குமல்லிக் காபி. கடையில் வாங்கினால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், சிலர் அதிலும் ஒரு ஸ்பூன் காபித்தூள் சேர்ப்பதுண்டு.