நூறு பங்கு வைத்திருப்பவரின் வாக்கு எங்கே எடுபடும்? பதிலாள் படிவத்தை நிரப்பும் முறை

பங்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்ட அறிவிப்பு வரும். பெரும்பாலோர் அதைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை. "பாதிக்கு மேல் நிறுவனத்தை நடத்துபவர்களிடமே இருக்கிறது, என் நூறு பங்கால் என்ன ஆகிவிடும்?" என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். சில தீர்மானங்களைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரிதான். வேறு சிலவற்றில் அது முழுத் தவறு. இரண்டையும் பிரித்தறியக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

படி 1: வாக்குரிமை உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்

அறிவிப்பில் ஒரு பதிவுத் தேதி இருக்கும். அந்த நாளில் யார் பெயரில் பங்கு இருக்கிறதோ, அவருக்கே வாக்கு. மறுநாள் வாங்கியவருக்கு இந்தக் கூட்டத்தில் வாக்கு கிடையாது.

பங்கு எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். இந்தியாவில் டீமேட் கணக்கில் பங்கு வைத்திருப்பவர், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் மின்னணு வாக்குப்பதிவு மூலம் தாமே வாக்களிக்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலான சிறு முதலீட்டாளர்களின் பங்கு தரகு நிறுவனத்தின் ஏற்பாட்டில் இருக்கும். அங்கே, நமக்காக வாக்களிக்க இன்னொருவரை நியமிக்கும் பதிலாள் படிவத்துக்குப் பதிலாக, தரகருக்கு வாக்குக் கட்டளை தரும் படிவம் வரும். அதற்குப் பதில் அனுப்பாவிட்டால், இயக்குநர் தேர்வு போன்ற முக்கிய விஷயங்களில் தரகர் உங்களுக்காக வாக்களிக்க முடியாது. உங்கள் பங்கு கணக்கிலேயே வராமல் போகும்.

படி 2: ஒவ்வொரு தீர்மானமும் எந்த வகை என்று குறித்துக்கொள்ளுங்கள்

கணக்குகளை ஏற்பது, ஈவுத்தொகை, இயக்குநர் மறுநியமனம் போன்றவை பொதுவாகச் சாதாரணத் தீர்மானங்கள். எதிர்வாக்கைவிட ஆதரவு வாக்கு ஒன்று கூடுதலாக இருந்தாலே அவை நிறைவேறும். நிறுவனத்தின் அமைப்பு விதிகளை மாற்றுவது போன்றவற்றுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, அதில் ஆதரவு வாக்கு எதிர்வாக்கைப்போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும். பிரிட்டனில் 75 சதவீதம் என்கிறார்கள். கணக்கு ஒன்றுதான்.

மூன்றாவது வகையைத்தான் சிறு பங்குதாரர் தேடிப் பார்க்க வேண்டும். நிறுவனம், தன்னைத் தொடங்கிக் கட்டுப்படுத்தும் புரோமோட்டருக்குச் சொந்தமான வேறொரு நிறுவனத்தோடு பெரிய அளவில் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கும் தீர்மானம் அது. இந்தியப் பட்டியல் விதிகளின்படி, அந்தப் புரோமோட்டர் போன்ற தொடர்புடைய தரப்பினர் இத்தகைய தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களிக்க முடியாது. முடிவு மற்றவர்கள் கையில்தான்.

படி 3: கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு நிறுவனத்தில் 10 லட்சம் பங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புரோமோட்டரிடம் 6 லட்சம். மீதி 4 லட்சம் வெளியாரிடம். வெளியாரில் ஒருவர் நீங்கள், உங்களிடம் 100 பங்கு.

சாதாரணத் தீர்மானத்தில் புரோமோட்டர் தனியாகவே வென்றுவிடுவார். வெளியார் அத்தனை பேரும் எதிர்த்தாலும் 4 லட்சம்தான்.

சிறப்புத் தீர்மானத்தில் நிலைமை மாறுகிறது. புரோமோட்டரின் 6 லட்சம் மட்டுமே ஆதரவாக விழுந்தால், எதிர்வாக்கு 2 லட்சத்தைத் தாண்டியதும் தீர்மானம் தோற்கும். எதிர்வாக்கு 1,99,950இல் நின்றால் நிறைவேறிவிடும். அதோடு உங்கள் 100 பங்கு சேர்ந்தால் 2,00,050. தீர்மானம் விழுந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கணக்கில் வருவது பதிவான வாக்குகள் மட்டுமே. வீட்டில் இருந்துவிட்டவரின் பங்கு எதிர்ப்பாகவோ நடுநிலையாகவோ எண்ணப்படாது. அவருடைய மௌனம் 6 லட்சம் வைத்திருப்பவருக்கே உதவுகிறது.

புரோமோட்டர் விலக வேண்டிய தீர்மானத்தில் களம் இன்னும் சிறியது. வெளியாரில் 1.5 லட்சம் பங்குகளுக்கு மட்டும் வாக்கு விழுந்தால், 75,000ஐத் தாண்டும் பக்கம் வெல்லும். மொத்தப் பங்குகளில் எட்டு சதவீதத்துக்கும் குறைவானவர்கள் ஒரு பெரிய கொடுக்கல் வாங்கலைத் தடுத்துவிடலாம்.

படி 4: பதிலாள் படிவத்தை நிரப்புங்கள்

நேரில் போக முடியாதவர் தமக்காக வாக்களிக்க இன்னொருவரை நியமிப்பதே பதிலாள் முறை. இந்தியாவிலும் பிரிட்டனிலும் அவர் பங்குதாரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு நாடுகளிலும் அவருடைய உரிமைகள் வேறு. பிரிட்டனில் பதிலாள் கூட்டத்தில் பேசலாம், கையுயர்த்தும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளலாம். இந்தியாவில் பேச முடியாது. பங்குகளை எண்ணி நடத்தும் வாக்கெடுப்பில் மட்டுமே வாக்களிக்கலாம். ஆகவே கேள்வி கேட்க வேண்டுமானால் இந்தியப் பங்குதாரர் தாமே போக வேண்டும். கூட்டம் காணொளியில் மட்டும் நடந்தால் அங்கே பதிலாள் வசதி வழக்கமாக இருப்பதில்லை. நீங்களே இணைய வேண்டும், அல்லது முன்கூட்டியே மின்னணு முறையில் வாக்களித்துவிட வேண்டும்.

படிவத்தில் பெயர், பங்கு எண்ணிக்கை, கணக்கு எண் ஆகியவற்றைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள். கையெழுத்தும் அப்படியே இருக்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே ஆதரவு, எதிர்ப்பு என்ற கட்டங்கள் இருக்கும். பலர் இடறுவது இங்கேதான். கட்டத்தைக் காலியாக விட்டால் நடுநிலை என்று நினைக்கிறார்கள். பதிலாள் தம் விருப்பப்படி வாக்களிக்கலாம் என்பதே அதன் பொருள். கூட்டத் தலைவரையே பதிலாளாக எழுதிக் கட்டங்களைக் காலியாக விட்டால், உங்கள் வாக்கு பெரும்பாலும் நிர்வாகம் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவாகவே விழும். நானும் முதல்முறை அப்படித்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நான் எதிர்க்க நினைத்த சம்பள உயர்வுத் தீர்மானத்துக்கு என் பங்குகளே துணை போயின. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். தலைவரை நியமிப்பதில் தவறில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பிவிட்டு நியமியுங்கள்.

கடைசியாகக் கெடு. இந்தியாவில் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே படிவம் நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். புதன் காலை 10 மணிக்குக் கூட்டம் என்றால், திங்கள் காலை 10 மணிக்குள். திங்கள் மாலை கிடைத்த படிவம் செல்லாது. அஞ்சலில் போட்ட நாள் கணக்கில் வராது.

மனம் மாறினால், கெடுவுக்குள் பிந்தைய தேதியிட்ட புதிய படிவம் அனுப்பலாம். பொதுவாக அது பழையதை நீக்கிவிடும். இந்திய மின்னணு வாக்குக்கு இந்த வசதி இல்லை. வாக்கைப் பதிவு செய்தபின் மாற்ற முடியாது. கூட்டத்துக்கு வரலாம், ஆனால் மீண்டும் வாக்களிக்க முடியாது.

படி 5: முடிவை இரண்டாகப் பிரித்துப் படியுங்கள்

இந்தியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் வெளியிடும் வாக்கு முடிவில், புரோமோட்டர், பொதுப் பங்குதாரரில் உள்ள நிறுவன முதலீட்டாளர், மற்ற பொதுப் பங்குதாரர் எனத் தனித்தனி வரிகள் இருக்கும். மொத்தச் சதவீதத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள்.

மேலே சொன்ன நிறுவனத்தில் ஒரு சாதாரணத் தீர்மானத்துக்குப் புரோமோட்டரின் 6 லட்சமும் வெளியாரின் 60,000மும் ஆதரவாக, வெளியாரின் 90,000 எதிராக விழுந்திருக்கட்டும். 88 சதவீத ஆதரவோடு நிறைவேறியது என்று அறிவிப்பார்கள். புரோமோட்டர் வரியை நீக்கிப் பாருங்கள். வாக்களித்த வெளியாரின் பங்குகளில் 60 சதவீதம் எதிர்த்திருக்கிறது. அடுத்த ஆண்டு கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி அந்த வரியில் இருக்கிறது.